2 மதிப்பெண்ணுக்கு ஒரு வரி

மதுரையில் வீடுகளுக்கு மொட்டை மாடி சோலார் போட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனை மேலாளராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், எங்கள் பையன்கள் வாடிக்கையாளர் வீட்டில் பேசும்போது நானும் கூடப் போய் உட்கார்ந்து மதிப்பெண் போடுவேன். அந்த மதிப்பெண் தாளை நாங்கள் ஒருமுறை முழுவதுமாகக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினோம். அது ஏன் என்று சொல்கிறேன்.

பழைய தாளில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். தோற்றம், பேச்சுத் தெளிவு, பொருளைப் பற்றிய அறிவு, தன்னம்பிக்கை, இப்படி. ஒரு பையனுக்கு 50க்கு 42 போட்டேன். அருமையாகப் பேசினான். வாடிக்கையாளரும் அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். ஆனால் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மின் இணைப்பு அவருடைய காலமான அப்பா பேரிலேயே இருக்கிறது. சோலாருக்கு மத்திய அரசு தரும் மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பேரில்தான் இணைப்பு இருக்க வேண்டும். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அண்ணன் தம்பிகள் ஒப்புதல் வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஒரே ஒரு கேள்வி, "இணைப்பு யார் பேர்ல சார் இருக்கு?" என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் அந்த அலைச்சல் இல்லை. என் தாளில் அதற்கு இடமே இல்லை. பையன் எப்படிப் பேசினான் என்பதைத்தான் அது அளந்ததே தவிர, எதிரில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

புதுத் தாளில் 20 மதிப்பெண்தான். விசாரிப்புக்கு ஐந்து கேள்வி, தயக்கத்தைக் கையாள்வதற்கு மூன்று, முடிப்புக்கு இரண்டு. பாதி மதிப்பெண் விசாரிப்புக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிற தயக்கங்களில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் கேட்காமல் விட்ட கேள்விகள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 மட்டும். நடக்கவில்லை என்றால் 0. பையன் செய்தான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது என்றால் 1. 2 போட வேண்டுமென்றால் வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த ஒரு வரியைப் பக்கத்தில் அப்படியே எழுத வேண்டும். எழுத வரி இல்லையென்றால் 2 கிடையாது, எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் சரி. இந்த ஒரு விதி வந்த பிறகு, நானும் இன்னொரு மேலாளரும் ஒரே விசிட்டுக்குப் போடும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. முன்பெல்லாம் அவர் 30 போட்டால் நான் 40 போடுவேன்.

திருநகரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி. காலை 11 மணி. பேச வேண்டியவன் எங்களிடம் ஒன்றரை வருடமாக இருக்கும் பையன். நான் எப்போதும் பக்கவாட்டு நாற்காலியில் உட்காருவேன். எதிரில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வயதில் பெரியவரான என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அது பையனின் விசிட் ஆகாது. "நான் கூட வந்தவன் சார், தம்பி சொல்வார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். தாளையும் அங்கே வெளியே எடுப்பதில்லை. சின்ன நோட்டில் அவர்கள் சொல்வதை மட்டும் குறித்துக்கொண்டு, வெளியே வந்து வண்டியை எடுப்பதற்கு முன் மதிப்பெண் போடுவேன். தள்ளிப்போட்டால் வரிகள் மறந்து அபிப்பிராயம் மட்டும்தான் மிஞ்சும்.

விசாரிப்பு நன்றாகவே போனது. பையன் மின்வாரிய அட்டையை வாங்கி ஆறு பில்களைப் பார்த்தான். மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 500க்குக் கொஞ்சம் மேல், மே, ஜூனில் 900 யூனிட். 500ஐத் தாண்டினாலே குறைந்த யூனிட்டுக்கான கட்டணச் சலுகை போய்விடுவதால் அந்தக் கோடை பில் ஆறாயிரத்தைத் தொட்டிருந்தது. "எதனாலம்மா அப்ப மட்டும் ஏறுது?" என்று அம்மாவைக் கேட்டான். "பேரப் பிள்ளைங்க லீவுக்கு வந்தா ரெண்டு ஏசியும் ராத்திரி முழுக்க ஓடும் தம்பி" என்றார். அதை நோட்டில் எழுதினேன். பத்து நிமிடம் கழித்துக் கணக்குச் சொல்லும்போது, "பிள்ளைங்க வர்ற மாசத்தையே எடுத்துக்குவோம். 3 கிலோவாட் போட்டா ஒரு நாளைக்குச் சராசரியா 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720. உங்க 900ல மிச்சம் 180தான், அதுலயும் 100 இலவசம்" என்றான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வார்த்தையே அவரிடம் கணக்காகத் திரும்பி வந்தது. அதற்கு முழு 2. பில்லுக்கு 2. இணைப்பு யார் பேரில் என்று கேட்டான், "என் பேர்லதான் இருக்கு" என்றார் ஆசிரியர், அதற்கும் 2. மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தான், ஆனால் மாடியை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கவில்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. 1. ஐந்தாவது கேள்வி, யார் முடிவெடுக்கிறார், பணம் எந்த வழியில் வரும் என்பது. அதை அவன் தொடவே இல்லை. 0. ஆக 10க்கு 7.

தயக்கப் பகுதியில்தான் வண்டி தடம் புரண்டது. "பகல்லதானே வெயில், எங்க ஏசி ராத்திரி..." என்று அம்மா ஆரம்பித்ததும், முடிக்க விடாமல் நெட் மீட்டரை விளக்க ஆரம்பித்துவிட்டான். பகலில் உபரியாக வெளியே போகிற யூனிட் இரவில் எடுக்கிற யூனிட்டோடு கழியும் என்றான். பதில் சரிதான். ஆனால் அவர் கேட்க வந்தது அதுதானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்தது விலை. 1,95,000 என்றான். ஆசிரியர், "கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே" என்றார். பையன் மூச்சுக்கூட விடவில்லை. "உங்களுக்காக 5,000 குறைச்சுக்கலாம் சார்." ஆசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மாதான் மெதுவாகக் கேட்டார், "மானியம் போகத்தானே கட்டணும்?" 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஆனால் அது முதலிலேயே கழிந்துவிடாது. அமைத்து, ஆய்வு முடிந்த பிறகு வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வரும். பையன் அதைச் சொன்னான். "அப்ப ஒரே தடவையா ரெண்டு லட்சத்த எடுக்கணுமா?" என்றார் அம்மா.

அதுதான் விஷயம். அவர்களுக்கு விலை பிரச்சினையே இல்லை, மொத்தமாக ஒரே நாளில் பணம் வெளியே போவதுதான் பயம். 5,000 குறைத்தது அந்தப் பயத்தில் ஒரு துளியைக்கூடத் தொடவில்லை. "ஜாஸ்தின்னா, மொத்தத் தொகையா சார், இல்ல ஒரே தடவையா கட்டுறதா?" என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் வங்கிக் கடன் பேச்சுக்குப் போயிருக்கலாம், இந்த மானியத் திட்டத்துக்கென்றே வங்கிகள் கடன் தருகின்றன. பொறுத்துக் கேட்டதற்கு 1, உண்மையான தயக்கத்தைத் தோண்டியதற்கு 0, பதில் தீர்வாக இருந்ததற்கு 1. ஆக 6க்கு 2.

முடிப்பில், "விண்ணப்பம் போட்டுடலாமா சார்?" என்று கேட்டான். அதற்கு 1. "பையன் பெங்களூர்ல இருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்" என்றார் ஆசிரியர். விசாரிப்பில் 0 வாங்கிய ஐந்தாவது கேள்விதான் இங்கே வந்து நின்றது. "சரிங்க சார், ரெண்டு நாள்ல நான் கூப்பிடுறேன்" என்று எழுந்துவிட்டான். தேதி எங்களுடையது, அவர்களுடையது இல்லை. முடிப்பின் இரண்டாவது கேள்வி, அடுத்த அடிக்கு ஒரு நாள் வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்ததா என்பது. 0. மொத்தம் 20க்கு 10.

இதில் இன்னொரு விதியும் உண்டு. மின்சாரம் போனாலும் வீட்டில் விளக்கு எரியுமா என்று கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பேட்டரி இல்லாத, லைனோடு இணைந்த அமைப்பு மின்தடையில் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. இதற்கு "எரியும்" என்று யாராவது சொன்னால், பத்துக் கேள்விக்கும் முழு மதிப்பெண் இருந்தாலும் தாள் முழுவதும் 0. இதை நான் மாற்றவே மாட்டேன். அன்றைக்கு ஆசிரியர் கேட்டபோது பையன் நேராக, "நின்னுடும் சார், உங்க பழைய இன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும்" என்றான்.

தெருமுனை டீக்கடையில் தாளைக் கொடுத்தேன். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த வரிகளை மட்டும் படிக்கச் சொன்னேன். "ஒரே தடவையா ரெண்டு லட்சத்த எடுக்கணுமா" என்ற வரியை இரண்டு முறை படித்தான். "அண்ணே, இது எனக்குக் காதுலயே விழல" என்றான். எனக்கு அது ஆச்சரியமில்லை. அடுத்து என்ன சொல்வது என்ற யோசனையில் இருக்கிறவனுக்கு எதிராளியின் குரல் பின்னால் போய்விடும். 0 வாங்கிய மூன்று கேள்விக்கும் "அடுத்த விசிட்டில் கவனி" என்று சொல்லி அனுப்புவது வீண். ஒரே ஒன்றைப் பிடித்தோம்: விலை ஜாஸ்தி என்று யார் சொன்னாலும், குறைப்பதற்கு முன் ஒரு கேள்வி.

ஒரு விசிட்டை வைத்து ஒருவனை எடை போடுவதும் இல்லை. நான் பக்கத்தில் இருப்பதே பேச்சைக் கொஞ்சம் மாற்றுகிறது. மூன்று தாள்களில் ஒரே இடத்தில் 0 வந்தால்தான் அது அவனுடைய பழக்கம் என்று எடுத்துக்கொள்வேன்.

சாயங்காலமே ஆசிரியருக்குப் போன் போட்டு, மகன் எப்போது பேச வசதி என்று கேட்டான். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வாங்க, வீடியோல இருப்பான்" என்றார். நானும் போனேன். மகன் எடுத்ததும், "விலை கொஞ்சம் ஓவரா இருக்கே பிரதர்" என்றார். பையன் ஒரு நொடி நிறுத்தினான். "மொத்தமாவா சார், இல்ல ஒரே நேரத்துல கட்டணும்ங்கறதா?" மகன் சிரித்துவிட்டு, "அம்மா எஃப்.டி.ய உடைக்கணும்னு கவலைப்படறாங்க" என்றார். கடன் தவணையையும், மானியம் வந்ததும் அதை அசலில் கட்டிவிடலாம் என்பதையும் பேசினார்கள். அம்மா இடையில், கம்பி உயரமாக நிற்குமா, கீழே வடகம் காயப் போடலாமா என்று கேட்டார். முதல் நாள் கேட்காமல் விட்ட மாடிக் கேள்வி அது. ஏழடி உயரத்தில் போடலாம், தொகை கொஞ்சம் கூடும் என்றான். "கூடட்டும்" என்றார் அம்மா.

வெளியே வந்ததும் நான் தாளை எடுப்பதற்குள் அவனே தன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை நீட்டினான். பதினைந்து போட்டிருந்தான். 2 போட்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கடைசிக் கட்டத்தில், "புதன்கிழமை பேங்க் மேனேஜரப் பாக்கப் போறோம், நீங்களும் வாங்க."