ஃபெல்லோஷிப்ல டிடிஎஸ் புடிச்சுட்டாங்க, திரும்ப வாங்குன கதை

நான் தக்கலை பக்கம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேல பாத்துட்டு இருந்தேன், 2024 ஆகஸ்ட் கடைசில அத விட்டுட்டு பிஎச்டி பதிஞ்சு ஒரு ப்ராஜெக்ட்ல ஜேஆர்எஃப்பா, அதாவது ஃபெல்லோஷிப் வாங்குற ஆராய்ச்சி மாணவனா சேந்தேன். மாசம் 37,000. சேந்த முதல் மாசமே கைக்கு வந்தது 33,300தான். என்னடா இதுன்னு ஆபீஸ்ல போய் கேட்டா "டிடிஎஸ் 10 பர்சன்ட், 194ஜே, எல்லாருக்கும் அப்படித்தான்"ன்னாங்க. டிடிஎஸ்னா காசு குடுக்கும்போதே புடிச்சுக்கிற வரி, அதுல 194ஜேங்கிறது டாக்டர், வக்கீல், கன்சல்டன்ட் மாதிரி தொழில் பண்றவங்களுக்குக் குடுக்குற ஃபீஸ்ல புடிக்குறது. நான் அங்க மாணவன், ஃபீஸ் கட்டி ரெஜிஸ்டர் பண்ணிருக்கேன், என்னையும் கன்சல்டன்ட் கணக்குல சேத்துட்டாங்க. ஸ்காலர்ஷிப்புக்கு வரி கெடையாதேன்னு சொன்னேன், "அத நீங்க ரிட்டர்ன்ல பாத்துக்கோங்க, நாங்க புடிக்கலன்னா ஆடிட்ல எங்களத்தான் கேப்பான்"னு முடிச்சுட்டாங்க. செப்டம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் 7 மாசம், மாசம் 3,700, மொத்தம் 25,900 போச்சு.

சட்டம் என்னன்னா, அந்த வருஷத்துக்கு உள்ள 1961 வருமான வரிச் சட்டத்துல செக்‌ஷன் 10(16)னு ஒரே ஒரு வரி, படிப்புச் செலவுக்காகக் குடுக்குற ஸ்காலர்ஷிப் வருமானத்துல சேராது, அவ்வளவுதான். இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு உச்சவரம்பும் கெடையாது. புது வரி ரெஜிமுக்குப் போனா பல சலுகை போயிரும், இது போகாது. படிப்புச் செலவுன்னா ஃபீஸ் மட்டுமான்னு ஒரு கேள்வி வரும், கர்நாடக ஐகோர்ட்ல ரத்னாகர் ராவ்னு ஒரு பழைய கேஸ் இருக்கு, படிப்ப ஒட்டி வர்ற மத்த செலவும் அதுல அடங்கும்னு அதுல சொல்லிட்டாங்க.

நாகர்கோவில்ல ஒரு டாக்ஸ் அண்ணாச்சிட்ட போனேன். அவரு சுளுவா ஒரு வழி சொன்னாரு. "எதுக்கு தம்பி இந்த சண்ட, ஃபெல்லோஷிப்ப வருமானமாவே காட்டிரு, புது ரெஜிம்ல 7 லட்சம் வரைக்கும் ரிபேட்னு வரியே தள்ளுபடி, புடிச்சது பூரா வந்துரும்." வருஷம் முழுக்க வெறும் ஜேஆர்எஃப் வாங்குறவனுக்கு அது சரியான பேச்சுதான், 4,44,000 வரும், 2024-25 கணக்குல வரி பூஜ்யம்.

ஆனா எனக்கு அந்த வருஷம் 5 மாச சம்பளம் 6 லட்சம் வேற இருந்துச்சு. அதுல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழிச்சா 5,25,000, இது மட்டும்னா ரிபேட்டுக்குள்ள வருது, வரி இல்ல. ஃபெல்லோஷிப் 2,59,000த்த சேத்தா 7,84,000 ஆயிருது, ரிபேட் மொத்தமா போயிரும். 3 லட்சத்துலேர்ந்து 7 லட்சம் வரைக்கும் 5 பர்சன்ட் 20,000, மேல உள்ள 84,000த்துக்கு 10 பர்சன்ட் 8,400, செஸ்ஸோட 29,536. அதாவது 10(16) இருக்கா இல்லையாங்கிறதுல எனக்கு 29,536 ரூபா வித்தியாசம். அண்ணாச்சிட்ட பேப்பர்ல போட்டுக் காட்டுனதும் "ஓ, அப்பிடியா சங்கதி"ன்னு கண்ணாடிய எடுத்து மாட்டுனாரு.

அவரே அப்புறம் ஒரு விஷயத்த உறுதியா கேட்டாரு, உன் ஆர்டர்ல என்ன எழுதிருக்குன்னு. இதுதான் முக்கியம். பேரு ஸ்டைபெண்டா ஸ்காலர்ஷிப்பாங்கிறது பெருசில்ல, எதுக்காகக் குடுக்குறாங்கங்கிறதுதான் கேள்வி. வேல வாங்கிட்டு அதுக்குக் கூலியா குடுத்தா அது சம்பளம், படிக்கிறதுக்குக் குடுத்தா விலக்கு. ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப் ரெண்டுக்கும் நடுவுல நிக்குற கேஸ், ஏன்னா ப்ராஜெக்ட் வேலயும் செய்றோம். அதனால மூணு பேப்பர் எடுத்து வச்சேன், ஃபெல்லோஷிப்னு எழுதுன ஆர்டர், பிஎச்டி ரெஜிஸ்ட்ரேஷன், ப்ராஜெக்ட் வேலதான் என் தீசிஸ் வேலன்னு கைடு குடுத்த லெட்டர். பிஎச்டிக்குப் பதியாம வெறும் ப்ராஜெக்ட் ஸ்டாஃபா இருந்தா நான் இத க்ளெய்ம் பண்ணிருக்க மாட்டேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன் மெடிக்கல் பிஜி, ராத்திரி பகலா வார்டு பாக்குறான், அவனுக்குச் சம்பளம் மாதிரியே வரி புடிக்குறாங்க, அந்த இடத்துல சண்ட இன்னும் ஓயல.

ரிட்டர்ன் ஐடிஆர்-1ல போட்டேன், சம்பளத்த சம்பளத்துல, ஃபெல்லோஷிப்ப விலக்குள்ள வருமானம் காட்டுற இடத்துல 10(16)னு எடுத்து, 25,900 டிடிஎஸ்ஸ தனியா. ரெண்டு மாசம் கழிச்சு 139(9)ல டிஃபெக்டிவ் நோட்டீஸ். டிடிஎஸ் கேக்குற, அதுக்குரிய வருமானத்த வரிக்குக் காட்டலயேன்னு. பயந்துட்டேன், 15 நாள்தான் டைம். மெஷின் 26ஏஎஸ்ங்கிற டிடிஎஸ் கணக்குல 194ஜேன்னு பாத்ததும் தொழில் வருமானம் எங்கன்னு கேக்குது, வேற ஒண்ணுமில்ல. போர்ட்டல்ல டிஸ்அக்ரீ குடுத்து, இந்தத் தொக ஸ்காலர்ஷிப், 10(16)ல விலக்கு, விலக்குப் பகுதியில காட்டிருக்கேன், டிடிஎஸ் தப்பான செக்‌ஷன்ல புடிச்சதுன்னு நாலு வரி எழுதுனேன். பயத்துல நோட்டீஸ ஒத்துக்கிட்டு வருமானமா மாத்திருந்தா மொத்த வரி 29,536 ஆயிருக்கும். அப்புறம் ரீஃபண்ட் வந்துட்டு.

இத வீட்டுல சொன்னப்ப குலசேகரம் மாமாவுக்குத்தான் கோவம். "நான் உழைச்சு சம்பாதிச்சா வரி, நீ படிச்சுக்கிட்டே 37,000 வாங்குனா வரி இல்லயாக்கும்"னாரு. நியாயமான கேள்விதான். அவருக்கு ரப்பர் தோட்டம். நான் கேட்டேன், மாமா பழைய மரத்த வெட்டிட்டு மறுநடவு பண்ணும்போது ரப்பர் போர்டு மானியம் வாங்குனீங்களே, அதுக்கு வரி கட்டுனீங்களான்னு. கட்டல, கட்டவும் வேண்டாம், அதே செக்‌ஷன் 10லயே 31ன்னு ஒரு உட்பிரிவு அதுக்கு விலக்கு குடுத்திருக்கு. நட்டதும் பால் வராது, ஏழு வருஷம் கைய விட்டு செலவுதான், அந்தச் செலவ தாங்கத்தான் மானியம், அது லாபம் கெடையாது. பால் வெட்டி வித்தா அது வருமானம். பிஎச்டியும் அப்படித்தான் மாமான்னேன், நாளைக்கு வேலக்கிப் போனா சம்பளத்துல வரி புடிக்காம விடப்போறதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. கடக்காரன் சரக்கு வாங்குன செலவ கழிச்சிட்டுத்தான் லாபத்துக்கு வரி கட்டுறான். படிச்ச செலவ பின்னால சம்பளத்துலேர்ந்து கழிக்க எனக்கு வழி இல்ல. செலவக் கழிக்கவும் விடாம, செலவுக்குக் குடுத்த காசுக்கும் வரி போட்டா ரெண்டு பக்கமும் அடி. போதாததுக்கு என் ஃபெல்லோஷிப் சர்க்கார் காசு, ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்குறதுக்கு அந்த 10 பர்சன்ட்ட கொறச்சே குடுத்துரலாமே.

மாமா அப்பவும் விடல. "வேற வருமானம் இருக்கவனுக்குத்தான லாபம், ரப்பர் பால் வெட்டுறவன் மகனுக்கு ஸ்காலர்ஷிப் வந்தா அவனுக்கு இதுல என்ன கிட்டுது?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அது உண்ம. அவன் வருமானம் வரி வரம்பையே தொடாது, விலக்கால அவனுக்கு ஒரு பைசா கூட மிச்சமாகாது. எனக்கு 29,536 மிச்சமானதே டெக்னோபார்க் சம்பளம் இருந்ததாலதான். கல்விக் கடன் வட்டிய வருமானத்துல கழிக்க விடுற 80இ இதவிட மோசம்னு எனக்குப் படுது, 30 பர்சன்ட் கட்டுறவனுக்கு ஒரு லட்சம் வட்டிக்கு 30,000 கொறையும், 20 பர்சன்ட் கட்டுறவனுக்கு 20,000தான், அதுவும் பழைய ரெஜிம்ல இருந்தாத்தான். நர்சிங் படிக்க லோன் எடுத்து சின்ன ஆஸ்பத்திரில கம்மி சம்பளத்துக்கு நிக்குற எங்க ஊரு புள்ளைகளுக்கு 80இ-ல ஒண்ணும் கெடைக்காது, வரியே வராதே.

மறு வருஷம் ஏப்ரல்லயே 10(16)ஐக் காட்டி, அந்த மூணு பேப்பரோட ஆபீசுக்கு ஒரு லெட்டர் குடுத்து சீல் வாங்கிட்டேன். ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க, ஜூன்லேர்ந்து 37,000 முழுசா வருது. ஏப்ரல் மே புடிச்ச 7,400த்துக்கு இன்னொரு ரிட்டர்ன் சண்ட பாக்கி இருக்கு.