நான்கு ‘நார்மல்’ ஸ்கேன், ஒரு லேப்ராஸ்கோபி

என் ஃபைலில் ஒன்பது வருடத்தில் எடுத்த ஐந்து ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது. முதல் நான்கிலும் ஒரே வரிதான்: கர்ப்பப்பை நார்மல், இரண்டு சினைப்பையும் நார்மல். அந்த நான்கு காகிதத்தையும் காட்டித்தான் “உனக்கு ஒண்ணுமில்லம்மா” என்று என்னைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள். லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, இடது சினைப்பை கர்ப்பப்பையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்: கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது.

வலியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் பாதி வருடங்களைத் தொலைத்தேன். “பீரியட்ஸ்ல வயிறு வலிக்குது” என்று மட்டும்தான் எல்லா டாக்டரிடமும் சொன்னேன். அதைச் சொல்லாத பெண் யார்? மெஃப்டால் எழுதிக் கொடுப்பார்கள், பாட்டி வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பார். நான் சொல்லாமல் விட்டவை வேறு. உதிரம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வலி ஆரம்பித்துவிடும். இடுப்பிலிருந்து இடது தொடை வரை இழுக்கும். அந்த நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது ஆசனவாய்க்குள் கத்தியை விட்டுத் திருப்புவது போலிருக்கும். கல்லூரி ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு தடவை மயங்கியே விழுந்தேன். இதை எந்த வாயால் டாக்டரிடம் சொல்வது என்று கூச்சம். அவர்களும் கேட்கவில்லை.

கூச்சத்தை விட்டு ஒருமுறை சொன்னபோது குடல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கொலோனோஸ்கோபி எடுத்தார். முதல் நாள் முழுக்கப் பேதி மருந்து, மறுநாள் பட்டினி, ரிப்போர்ட் நார்மல். “டென்ஷன் குறைங்க, காரம் குறைங்க” என்றார். பிறகுதான் விஷயம் புரிந்தது: கொலோனோஸ்கோபி குடலின் உள்பக்கத்தைப் பார்க்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து குடலைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்குள் வெள்ளையடித்த சுவரைப் பார்த்துவிட்டு வெளிச்சுவரில் விரிசல் இல்லை என்று எழுதிக் கொடுத்த கதை.

அந்த நான்கு ஸ்கேன் ஏன் நார்மல் என்றால், நான்கும் வயிற்றின் மேல் வைத்து எடுத்தவை. தண்ணீரைக் குடிக்க வைத்து, மூத்திரத்தை அடக்க வைத்து எடுப்பார்களே, அது. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் ரூம் வாசலில் ஒரே கேள்வி: “மேரேஜ் ஆயிடுச்சா?” இல்லை என்றதும் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் என்ற பேச்சே முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஆசனவாய் வழியாக ஸ்கேன் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வயிற்றின் சவ்வு மேல் மட்டும் பொட்டுப் பொட்டாக இருக்கும் நோய், எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம் என்பது அதற்கு மேல். ஆக, நார்மல் ஸ்கேன் என்றால் ‘இதில் தெரியவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம்.

ஐந்தாவது ஸ்கேனில் இடது பக்கம் 3 செ.மீ. கட்டி ஒன்று தெரிந்தது. ‘ஹெமரேஜிக் சிஸ்ட்’ என்று எழுதினார்கள். ரத்தம் கட்டியிருக்கு, தானாகக் கரைந்துவிடும் என்றார் டாக்டர். அப்படிப்பட்ட கட்டி இரண்டு மூன்று மாதத்தில் கரைய வேண்டும், கரையாவிட்டால் சந்தேகப்பட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை. கிளம்பும்போது அந்த டாக்டர் அம்மாவிடம் திரும்பி, “கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்” என்றார். அம்மா அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் ஆறு மாதம் ஜாதகப் பேச்சு. கர்ப்பம் இந்த நோய்க்கு மருந்தல்ல. அந்த மாதங்களில் வலி அடங்கலாம், அடங்காமலும் போகலாம்.

கடைசியில் கண்டுபிடித்தவர், சென்னையில் ஆபீஸ் தோழி சொல்லிப் போன ஒரு டாக்டர். அவர் ரிப்போர்ட்டுகளைத் தொடவே இல்லை. “மோஷன் போகும்போது வலிக்குமா? எந்தத் தேதியில?” என்று கேட்டார். நான் ஃபோனில் மூன்று மாதமாகக் குறித்து வைத்திருந்த தேதிகளைக் காட்டினேன். (நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வீட்டுப்பாடம் இதுதான். வலி, மோஷன், மூத்திர எரிச்சல், லீவு போட்ட நாள், எல்லாவற்றையும் பீரியட்ஸ் தேதியோடு சேர்த்து எழுதி வையுங்கள்.) பிறகு சம்மதம் கேட்டு ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்தார். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஓரிடத்தில் தொட்டதும் அலறிவிட்டேன். “இங்க முடிச்சு மாதிரி இருக்கும்மா” என்றார். எம்.ஆர்.ஐ.யில் அந்த 3 செ.மீ. கட்டி 4.5 செ.மீ. ஆகியிருந்தது. பழைய ரத்தம் நிறைந்த ‘சாக்லேட் சிஸ்ட்’. ஒன்பது வருடக் கதை இருபது நிமிடத்தில் முடிந்தது.

உடனே ஆபரேஷன் என்று நினைத்தேன். இல்லை. கேமரா விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மருந்து என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை என்றார். இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் 2022 வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது. டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை, 2 மி.கி., நான்கு மாதம் சாப்பிட்டேன். பீரியட்ஸ் நின்றது, வயிற்று வலி பாதியானது. ஆனால் மோஷன் வலி போகவில்லை, கட்டியும் சுருங்கவில்லை. அப்புறம்தான் லேப்ராஸ்கோபி. அதற்கு முன், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சினைப்பையில் கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல கருமுட்டைகளும் கொஞ்சம் போகும். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே அடைத்த கேஸ் செய்யும் வேலையாம், இரண்டு நாளில் போய்விட்டது.

உள்ளே பார்த்ததை டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இடது சினைப்பை கட்டியோடு கர்ப்பப்பையின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. கட்டியைத் திறந்ததும் உருகிய சாக்லேட் போலக் கெட்டியாக வழிந்ததாம். சவ்வு மேல் வெடிமருந்து தெறித்த மாதிரிக் கரும்புள்ளிகள். பக்கத்திலேயே சின்னச் சின்னச் சிவப்பும், நிறமே இல்லாத நீர்க்கொப்புளம் போன்றவையும். கரும்புள்ளியை மட்டும் தேடுகிறவர்கள் கடைசி வகையைத் தவறவிடுவார்கள் என்றார். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் பாதி மூடியிருந்தது. அங்கேதான் அந்த முடிச்சு. கட்டியின் உள்திரவத்தை உறிஞ்சி மட்டும் விட்டால் சீக்கிரமே திரும்ப நிரம்பிவிடும் என்பதால் அதன் சுவரையே உரித்தெடுத்து, முடிச்சையும் வெட்டி, இரண்டையும் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நிலை என்றார். நான்கு நிலைகளும் உள்ளே எவ்வளவு பரவி ஒட்டியிருக்கிறது என்பதற்கான புள்ளிக் கணக்கு. வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் நிலையிலேயே துடிப்பவர்கள் உண்டு.

இவ்வளவும் அவர் வாயால் சொன்னது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது ஒரே வரி: ‘இடது சினைப்பை கட்டி, லேப்ராஸ்கோபி மூலம் அகற்றப்பட்டது.’ புள்ளிகள் இல்லை, பள்ளம் இல்லை, நிலை இல்லை. ஜூனியர் டாக்டர் யாரோ அவசரத்தில் டைப் செய்தது. நானும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ‘இது குழந்தையின்மைக்கான சிகிச்சையா? விளக்கம் தேவை.’ கல்யாணமே ஆகாதவளிடம் இந்தக் கேள்வி! ஒன்பது வருடம் கல்யாணமாகவில்லை என்று உள்வழி ஸ்கேனை மறுத்தார்கள், இப்போது குழந்தைக்காக ஆபரேஷன் செய்தேனா என்று கேட்கிறார்கள்.

முழு ஆபரேஷன் நோட்ஸ் வாங்க, ஆஸ்பத்திரியின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் எம்.ஆர்.டி. செக்‌ஷனுக்கு லீவு போட்டுப் போனேன். “டாக்டர் லெட்டர் வேணும் மேடம்.” டாக்டர் அன்று ஆபரேஷன் தியேட்டரில். இரண்டாவது தடவை லெட்டரோடு போனால் சனிக்கிழமை, ஒரு மணிக்கே பூட்டியாயிற்று. மூன்றாவது தடவை “ஃபைல் பில்லிங்ல இருக்கு, பத்து நாள் ஆகும்” என்றார் அங்கிருந்தவர். அதற்குள் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, தேதி போட்டு, ‘இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள் 2002-ன்படி 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து நீட்டினேன். நகலில் சீல் போட்டுக் கேட்டேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மறுநாள் மதியம் ஃபோன் வந்தது. ஆபரேஷன் வீடியோ மட்டும் கிடைக்கவில்லை. “முன்னாடியே பென் டிரைவ் குடுத்திருந்தா பதிஞ்சிருப்போமே மேடம்.” யாருக்குத் தெரியும்? ஆபரேஷனுக்கு முதல் நாளே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் நீங்களாகப் போய் வாங்குங்கள், தானாக வராது. என்னுடையதில் எண்டோமெட்ரியோசிஸ் என்று கறுப்பு மையில் இருந்தது. அதைப் பார்த்து அழுதேன். கிளெய்ம் பாஸானது, கையுறை பஞ்சுக்கெல்லாம் பிடித்தது போக.

இப்போது மறுபடி டைனோஜெஸ்ட், பதினோராவது மாதம். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும் நோய் இது, அதனால்தான் அடக்கி வைக்கும் மருந்து. என் முன்னால் வைத்த வழிகள் நான்கு. பீரியட்ஸ் இடைவெளியே விடாமல் தொடர்ந்து சாப்பிடும் கருத்தடை மாத்திரை மலிவு. ஆனால் எனக்குக் கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டு, அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால் அது கழிந்தது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் சில வருடம் தாங்கும். எனக்கு மனம் வரவில்லை. மாதம் ஒரு தடவை போடும் லூப்ரோலைடு ஊசி செயற்கையாக மெனோபாஸைக் கொண்டுவரும். முதல் சில வாரம் வலி கூடலாம், பிறகு உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும். அதனால் துணை ஹார்மோன் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை.

மிஞ்சியது இந்த மாத்திரை. முதல் மூன்று மாதம் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் பார்த்தேன். அது எதிர்பார்த்ததுதான், நிறுத்தாதே என்றார் டாக்டர். நான்காம் மாதம் நின்றது. திண்டுக்கல் போகும் பஸ்ஸில் ஒருநாள் மறந்ததற்கு ஒரு வாரம் மறுபடி சொட்டியது. மனசும் சில நாள் காரணமில்லாமல் கீழே போகும், அதையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இது கருத்தடை மாத்திரையாக அனுமதிக்கப்பட்டதல்ல, அதை நம்பி இருக்கக் கூடாது. குழந்தைக்கு முயலும்போது இதை நிறுத்த வேண்டும், சாப்பிடுவதால் கருத்தரிக்கும் வாய்ப்பும் அதிகரிக்காது.

மோஷன் வலி போய்விட்டது. அதை எழுதக் கூச்சமே இல்லை இப்போது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்கும் முன்பே அம்மா ஃபோன் செய்வார், “மாத்திரை போட்டியா?” என்று. போன வாரம் அப்படிப் பேசும்போது, தனக்கும் மாசாமாசம் இப்படித்தான் துடிக்கும், 41 வயசில் கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் நின்றது என்றார். நான் இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்னம்மா எழுதியிருந்தது என்றேன்.

“அதெல்லாம் யார் வாங்கினா? வீட்டுக்குப் போலாம்னாங்க, வந்துட்டோம்.”