காலியாகத் திரும்பும் வண்டி

கண்டெய்னர் வண்டிகளுக்கு வழி பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை சென்னைத் துறைமுகத்திலிருந்து கோவைப் பக்கம் ஒரு மில்லுக்கு இயந்திரம் போனது. நாற்பதடி ஹைகியூப் பெட்டி, வழக்கமானதைவிட உயரமானது. பெட்டி உயரம் 2.90 மீட்டர், லோடோடு ட்ரெய்லர் தளம் தரையிலிருந்து 1.50, ஆக 4.40. மில்லுக்கு முன்னால் உள்ள ரயில் பாலத்தின் பலகையில் 4.50 என்று போட்டிருந்தது. பத்து சென்டிமீட்டர் இருக்கிறதே என்று அந்த வழியையே எழுதிவிட்டேன். விடியற்காலையில் வண்டி நுழைந்தது, சரக்கும் இறங்கியது.

பதினொரு மணிக்கு டிரைவர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, போறப்ப நுழைஞ்ச பாலம் வர்றப்ப இடிக்குது."

இருபது டன் இறங்கியதும் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து, அமுங்கியிருந்த டயர்களும் எழும்பி, வண்டி ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. அப்படியும் பலகைக் கணக்குப்படி இடம் இருக்க வேண்டும். ஆனால் பலகை நட்ட பிறகு ரோட்டுக்கு மேலே தார் போட்டிருக்கிறார்கள், பலகையை யாரும் மாற்றவில்லை. அவரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். 4.44 வந்தது. டயரில் காற்றை இறக்கிப் பார்க்கலாமா என்றார். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், அப்புறம் அத்தனை டயருக்கும் காற்றடிக்க வேண்டும். வேண்டாம் அண்ணே என்றேன்.

மில்லிலிருந்து வெளியேற இன்னும் இரண்டு வழிகள்தான். ஒன்று வாய்க்கால் பாலம், 12 டன்னுக்கு மேல் போகக் கூடாது. "வண்டிதான் காலியாச்சே" என்றார். அந்த 12 சரக்கின் எடை இல்லை, வண்டியோடு சேர்த்து. வண்டியும் ட்ரெய்லரும் ஏறத்தாழ 14, காலிப் பெட்டி 4, மொத்தம் 18 டன். இந்தக் குழப்பம் பழைய டிரைவர்களுக்கும் வரும்.

மற்றது கடைவீதி. உயரத் தொல்லை இல்லை, எடைத் தொல்லை இல்லை. ஆனால் காலை 8 முதல் இரவு 8 வரை கனரக வண்டிகளுக்குத் தடை. மில் வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன்.

அத்தோடு முடியவில்லை. காலிப் பெட்டியை மறுநாள் மாலைக்குள் சென்னை யார்டில் ஒப்படைக்க வேண்டும். இரவு எட்டுக்குக் கிளம்பினால் ஐந்நூறு கிலோமீட்டர், சராசரி முப்பத்தைந்து வேகம், நடுவில் தூக்கம். நண்பகலுக்கு மேல்தான் போய்ச் சேரும். யார்டுக்குப் போகும் ரோட்டிலும் பகல் தடை. அங்கேயும் இரவு வரை காத்திருந்து, ஒரு நாள் தாமதக் கட்டணம் கட்டினோம்.

இப்போது திரும்பும் வழியைத் தனித் தாளில் எழுதுகிறேன், காலி வண்டியின் உயரத்தை வைத்து. பாலத்தை நடுவில் மட்டும் அளந்தால் போதாது, இரண்டு ஓரங்களிலும் அளக்கச் சொல்கிறேன். அண்ணன் ட்ரெய்லருக்கு அடியில் அளவு கீறிய மூங்கில் கழி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். பலகையைப் பார்ப்பதே இல்லை.