அஞ்செட்டிக்கு மட்டும் பதில் வராத தேடல்

வெக்டர் தேடலுக்கு இன்டெக்ஸ் போடும் யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபில்டர் போட்டுத் தேடினால் இன்டெக்ஸ் விடைகளைத் தொலைத்துவிடலாம் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு வேலை முடித்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கிருஷ்ணகிரியில் விவசாய ஆலோசனை தரும் சின்ன அலுவலகம் எங்களுடையது. களப்பணியாளர்கள் தோட்டத்துக்குப் போய் எழுதி வரும் குறிப்புகள், விவசாயிகள் போனில் கேட்டது, நாங்கள் சொன்னது எல்லாம் துண்டு துண்டாக போஸ்ட்கிரஸில் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைக் குறிக்கும் 768 எண்கள் கொண்ட ஒரு வெக்டரும், எந்த வட்டம் என்ற குறிப்பும் உண்டு. "மாம்பூவில் தத்துப்பூச்சி, மருந்தடித்தும் நிற்கவில்லை" என்று தட்டினால், அதே பொருளில் உள்ள பழைய குறிப்புகளில் மிக நெருக்கமான பத்து வரவேண்டும். பெரும்பாலும் வட்டத்தையும் சேர்த்துத்தான் தேடுவோம். போச்சம்பள்ளி மண்ணுக்குச் சொன்னது தேன்கனிக்கோட்டைக்குப் பொருந்தாது.

இரண்டு லட்சம் துண்டுகள் இருந்தவரை இன்டெக்ஸே கிடையாது. ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு வெக்டர் 3,072 பைட், மொத்தம் 600 எம்பி சொச்சம். கேள்வி வந்ததும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியான பத்தை ஒரு நொடிக்குள் எடுத்துத் தந்தது. பிறகு பழைய பதிவேடுகள் ஏறின, தர்மபுரி மாவட்டக் குறிப்புகளும் சேர்ந்தன. 40 லட்சம் ஆனது. அப்போது வெக்டர் மட்டுமே 12 ஜிபிக்கு மேல், சர்வரின் மொத்த ரேமோ 16 ஜிபி. ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவையும் புரட்ட வேண்டும், பாதி டிஸ்க்கிலிருந்து வரவேண்டும் என்றால் யார் காத்திருப்பார்கள்? எல்லாவற்றோடும் ஒப்பிடாமல் சிலவற்றை மட்டும் பார்க்கும் தோராயத் தேடலுக்கு மாறுவது நியாயம்தான். ஓசூரில் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். அவர் பிஜிவெக்டரின் `hnsw` இன்டெக்ஸைப் போட்டுக் கொடுத்தார். திரையில் மில்லி நொடிக் கணக்கில் பதில் வந்ததைக் காட்டி, பில்லையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே அஞ்செட்டி வட்டக் களப்பணியாளர் போன் செய்தார். "அண்ணா, கேழ்வரகு குலைநோய்னு போட்டா ஒண்ணுமே இல்லைன்னு வருதுங்க. போன வருசம் நானே எழுதுனது எத்தனை இருக்கு!" டேபிளில் பார்த்தேன். அவர் எழுதியவை அத்தனையும் பத்திரமாக இருந்தன. தேடலில்தான் வரவில்லை.

ஓசூருக்குப் போய்க் கேட்டால், "சர்ச் வேகமா வருது இல்லீங்க சார், டேட்டாவைத்தான் பாக்கணும்" என்றார். எந்த அமைப்பில் இன்டெக்ஸ் போட்டார், விடை சரியா என்று எதை வைத்துச் சோதித்தார் என்று கேட்டதற்கு ஒரு தாள்கூட இல்லை. வேகத்தை மட்டும் அளந்திருக்கிறார். தோராயத் தேடலில் வேகம் வருவது பெரிய விஷயமே இல்லை, விடையில் பாதியைத் தொலைத்தாலும் வேகம் வரும். பஸ் காசு தண்டம் என்று திரும்பினேன்.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தது `EXPLAIN ANALYZE`. தேடல் கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்து ஓட்டியதும் இந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன:

```
Index Scan using kurippu_vec_idx on kurippu
  Rows Removed by Filter: 40
```

இந்த 40 எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் எல்லாம் புரிந்துவிடும். `hnsw` என்பது வெக்டர்களை அக்கம்பக்கத்தாரோடு கோடு போட்டு இணைத்த ஒரு வலை. தெரியாத ஊரில் வீடு தேடுபவர் பஸ் ஸ்டாண்டில் ஒருவரைக் கேட்டு, அவர் காட்டிய தெருவில் இன்னொருவரைக் கேட்டு நெருங்குவதைப் போல, தேடல் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் அண்டைப் புள்ளிகளை மட்டும் பார்த்து கேள்விக்கு அருகே போகிறது. போகும் வழியில் கையில் எத்தனை பேரை வைத்துக்கொள்ளும் என்பதை `hnsw.ef_search` தீர்மானிக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அது 40. இந்த வலைக்கு வட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு மாவட்டத்தின் பதினைந்து வட்டங்களிலும் நெருக்கமான 40 குறிப்புகளை எடுத்துக் கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் போஸ்ட்கிரஸ் "அஞ்செட்டியா?" என்று கேட்டு, இல்லாததைக் கழிக்கிறது.

அஞ்செட்டிக் குறிப்புகள் எங்களிடம் 32,000. 40 லட்சத்தில் அது 0.8 சதவீதம். 40 பேரில் 0.8 சதவீதம் என்றால் சராசரியாக 0.32, அதாவது ஒன்றுகூட இல்லை. குலைநோய்க் கேள்விக்கு வந்த 40 குறிப்பும் தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கத்தவை. கழித்ததும் மிச்சம் சைபர்.

சைபர் வந்ததாவது நல்லது, ஒருவர் போன் செய்து சொன்னார். சூளகிரியில் குறிப்புகள் 4 சதவீதம் என்பதால் பத்து கேட்டால் ஒன்றோ இரண்டோ வந்துகொண்டிருந்தது. "இவ்வளவுதான் இருக்கு போல" என்று அங்கிருந்தவர்கள் அதை வைத்தே விவசாயிக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது இதைக் கேட்டுத்தான். கேட்டது பத்து, வந்தது அதற்குக் குறைவு என்றால் அதை எங்காவது எழுதிவைக்கும்படி உங்கள் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்தக் கோளாறை வேறு யாரும் உங்களுக்கு அறிவிக்க மாட்டார்கள், எர்ரர் எதுவும் வராது.

போனில் பேசியபோது ஓசூர்க்காரர் சொன்ன மருந்து, `ef_search`-ஐ 200 ஆக்கு என்பது. கணக்குப் போட்டால் 200-க்கு சராசரி 1.6. அந்த எண்ணுக்கு உச்சவரம்பு 1,000, அதிலும் சராசரி எட்டுதான். வேகத்தையும் இழந்து, பத்தும் கிடைக்காத வைத்தியம் அது.

விடை வேறு பக்கம் இருந்தது. துல்லியத் தேடலா, தோராயத் தேடலா என்பதை மொத்தம் எத்தனை துண்டு என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஃபில்டர் போட்ட பிறகு எத்தனை மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அஞ்செட்டியின் 32,000 வெக்டர்கள் 100 எம்பிகூட வராது. இதற்கு வலையே வேண்டாம், நேராக ஒப்பிட்டுவிடலாம். வட்டத்துக்குச் சாதாரண பிட்ரீ இன்டெக்ஸ் இருந்தால் போதும். ஆனால் எங்கள் சர்வரில் அது இருந்தும் போஸ்ட்கிரஸ் `hnsw` பக்கமே சாய்ந்தது. அதைத் தடுக்க, முதலில் வட்டத்தைப் பிரித்தெடு, பிறகு தூரம் பார் என்று கட்டாயப்படுத்தி எழுதினேன்:

```sql
WITH a AS MATERIALIZED (
  SELECT id, vec FROM kurippu WHERE taluk = 'anchetti'
)
SELECT id FROM a ORDER BY vec <=> $1 LIMIT 10;
```

`MATERIALIZED` என்ற சொல்லை விட்டுவிட்டால் போஸ்ட்கிரஸ் இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி பழைய வழிக்கே போய்விடும். எழுதியதும் அஞ்செட்டிக்குப் பத்தும் வந்தது, கண் சிமிட்டும் நேரத்தில். களப்பணியாளரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் வந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாதிரி லட்சக்கணக்கில் குறிப்புள்ள வட்டங்களுக்கும், வட்டமே போடாத தேடலுக்கும் `hnsw` வேண்டியதுதான். அங்கே பிஜிவெக்டர் 0.8.0 கைகொடுத்தது. 2024-இல் வந்த அந்தப் பதிப்பில், ஃபில்டரில் கழிந்து பத்து தேறாவிட்டால் வலையில் மேலும் தேடிப் போகும் வசதி இருக்கிறது. எங்கள் சர்வரில் 0.7.4 இருந்தது. சர்வர் கம்பெனியில் கேட்டால் "அப்டேட் எங்க வேலை இல்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள். நாங்களே பேக்கேஜை ஏற்றினோம். ஏற்றினால் மட்டும் போதாது, டேட்டாபேஸுக்குள் போய் முதல் வரியையும் ஓட்ட வேண்டும். இரண்டாவது வரி ஒவ்வொரு இணைப்பிலும் வேண்டும்:

```sql
ALTER EXTENSION vector UPDATE;
SET hnsw.iterative_scan = strict_order;
```

இதுவே போதுமே, அஞ்செட்டிக்குத் தனி வழி எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இந்தத் தேடல் சுமார் 20,000 குறிப்புகளைப் பார்த்ததும் நின்றுவிடும், `hnsw.max_scan_tuples`-இன் இயல்பு அளவு அது. சராசரிக் கணக்கில் அதற்குள் 160 அஞ்செட்டிக் குறிப்புகள் இருக்கும். ஆனால் கேள்விகள் சராசரிப்படி வருவதில்லை. மாம்பழக் கேள்வியை அஞ்செட்டி ஃபில்டரோடு கேட்டால், முதல் 20,000-உம் போச்சம்பள்ளி, பர்கூர் மாந்தோப்புக் குறிப்புகளாகவே நிறைந்துவிடும். மாமரம் குறைந்த அஞ்செட்டியின் குறிப்புகள் அதற்கும் அப்பால் கிடக்கும். அதனால் சின்ன வட்டத்துக்குத் துல்லியத் தேடலையே வைத்துக்கொண்டேன். எங்கள் சர்வரில் ஒன்றரை லட்சம் வரை துல்லியம், அதற்கு மேல் தோராயம். இந்த எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ரேமில் ஓட்டிப் பார்த்து வையுங்கள்.

ரேம் என்றதும் இன்னொன்று. `hnsw` இன்டெக்ஸ் வெக்டரின் நகலையும் உள்ளே வைத்திருக்கிறது. 8 கேபி பக்கத்தில் எங்கள் வெக்டர் இரண்டுதான் பிடிக்கும், அதனால் 40 லட்சத்துக்கு இன்டெக்ஸ் மட்டும் 16 ஜிபிக்குப் பக்கம். சர்வரின் ரேமும் அவ்வளவே என்றால் தோராயத் தேடலும் டிஸ்க்கில் தடுமாறும். காலையில் முதல் சில தேடல்கள் இழுத்தடித்தது அதனால்தான். எண்ணுக்கு 2 பைட் எடுக்கும் `halfvec`-க்கு மாற்றியதும் பக்கத்துக்கு நான்கு பிடித்து, இன்டெக்ஸ் பாதியானது. முதல் பத்து விடைகளில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அது தெரியவில்லை என்று நான் தைரியமாகச் சொல்வது அளந்து பார்த்ததால்தான். களப்பணியாளர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளில் இருநூறை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வழியிலும் ஓட்டினோம். துல்லிய விடைக்கு இன்டெக்ஸை அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அணைத்தால் போதும்:

```sql
BEGIN;
SET LOCAL enable_indexscan = off;
SELECT id FROM kurippu WHERE taluk = $2 ORDER BY vec <=> $1 LIMIT 10;
COMMIT;
```

மெதுவாகத்தான் ஓடும், ராத்திரியில் விட்டுவிடுங்கள். துல்லிய வழியில் வந்த பத்தில் எத்தனை தோராய வழியிலும் வந்தன என்று எண்ணினால் அதுதான் ரீகால். பதினைந்து வட்டத்துக்கும் சேர்த்து ஒரே சராசரி எடுத்துவிடாதீர்கள். ஓசூரின் கேள்விகளே அதிகம் என்பதால் சராசரி அழகாக வரும், அஞ்செட்டியின் சைபர் அதற்குள் மறைந்துபோகும். வட்டவாரியாகப் பிரித்து எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

இப்போது குறிப்புகள் ஏற ஏற ஓசூர் வட்டம் ஊதிக்கொண்டே போகிறது, சூளகிரியும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை வட்டவாரி எண்ணிக்கையும் ரீகாலும் எடுத்து, எல்லையைத் தாண்டிய வட்டத்தை மறுபக்கம் மாற்றுகிறோம். வெளியாளிடம் வேலை கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள், பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த வட்டவாரி ரீகால் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தகவலில் மிகச் சின்ன பிரிவு எதுவோ, அதன் வரியை முதலில் பாருங்கள்.