கொசுவின் வாயைப் பிரித்துப் பார்த்தேன், மூன்றாவது முயற்சி

ரெயூனியனில் செயின்ட் பியரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பூந்தொட்டித் தட்டுகளை எத்தனை முறை கவிழ்த்தாலும் புலிக்கொசு வந்துவிடுகிறது. முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு இருந்தால் அதுதான். 2005-06இல் இந்தத் தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குச் சிக்குன்குனியா வந்தது இந்தக் கொசுவால்தான். பழைய நுண்ணோக்கி ஒன்று கையில் கிடைத்ததும், கடிக்கும் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் மின்மட்டையால் அடித்த கொசுவை வைத்தேன். கருகிப்போயிருந்தது, ஊசி பட்டதும் குழல் ஒடிந்துவிட்டது. அடுத்ததை டப்பாவில் பிடித்து ஃப்ரீசரில் வைத்துக் கொன்றேன். தலை, மார்பு, வயிறு மூன்றும் முழுசாக இருந்தன, ஆனால் உணர்கொம்பு இறகு மாதிரி புசுபுசுவென்று இருந்தது. ஆண்! அது பூந்தேன்தான் குடிக்கும், தோலைத் துளைக்கும் கருவி அதற்குச் சரியாக வளர்வதில்லை. ஒரு மாலை வீண்.

மூன்றாவது பெண். உணர்கொம்பில் மயிர் குறைவு, குழலின் இருபுறமும் உள்ள உணர்தண்டுகளும் கட்டை. காய்வதற்குள் ஒரு சொட்டு கிளிசரினில் தலையை மட்டும் வைத்து, இரண்டு இன்சுலின் ஊசிகளில் ஒன்றால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் குழலை அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவினேன். வெளியே தெரிந்த தடித்த குழல் வெறும் உறை, கீழுதடு. அது தோலுக்குள் போவதே இல்லை, கடிக்கும்போது வில் போல வளைந்து வெளியிலேயே நின்றுவிடும். அதற்குள்ளிருந்து முடியைவிட மெல்லிய கம்பிகள் பிரிந்து வந்தன. ஆறு இருக்க வேண்டும், நான் எண்ணியது ஐந்து, மெல்லிய தாடைக்கம்பி ஒன்று எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். 400 மடங்கில் இரண்டு கம்பிகளின் நுனியில் ரம்பப் பற்கள் தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான்: இரத்தம் ஏறும் வழியிலேயே வைரஸும் இறங்குகிறதா? இல்லை. இரத்தம் மேலுதட்டுக் கம்பியின் குழிவழியாக ஏறுகிறது, உமிழ்நீர் நாக்கு போன்ற இன்னொரு கம்பிக்குள் ஓடும் தனிக் குழாய் வழியாக இறங்குகிறது. இரத்தம் உறையாமல் இருக்கத்தான் கொசு எச்சிலை விடுகிறது. வைரஸ் அந்த எச்சிலில் வர வேண்டுமானால், கொசுவின் குடற்சுவரில் பெருகி, அதைத் தாண்டி, மார்பில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குச் சில நாள் ஆகும். அதனால் நோயாளியைக் கடித்த கொசு அடுத்த நிமிடமே உங்களைக் கடித்தால் பொதுவாக ஆபத்தில்லை, ஒரு வாரம் கழித்துக் கடிப்பதுதான் ஆபத்து. அந்தக் கொள்ளைநோயின்போது வைரஸின் மேல்புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும், புலிக்கொசுவின் குடலில் அது முன்பைவிட எளிதாகத் தொற்றிக்கொண்டது.

வீட்டு ஈயின் கதை வேறு. அதற்கு ஊசியே கிடையாது, நுனியில் பஞ்சு மாதிரி ஒரு மெத்தைதான், கக்கிய நீரில் சர்க்கரையைக் கரைத்து உறிஞ்சும், கிருமி காலிலும் வாயிலும் அப்படியே ஒட்டி வரும், உள்ளே காத்திருப்பு அவசியமில்லை. அடுத்த டப்பாவில் அதுதான் ஃப்ரீசரில் இருக்கிறது, ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு இன்று திட்டும் வாங்கினேன்.