ஒரு நிமிட அரபு வரவேற்புரை: நான் தயாரித்த விதம்

ஓமானிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர்களை நாகர்கோவிலில் உள்ள எங்கள் கல்லூரியில் வரவேற்க வேண்டும், இரண்டு வார்த்தை அரபியிலேயே பேசு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் சின்ன வயதில் தக்கலை மதரஸாவில் ஓதியவள், கல்லூரியில் அரபு விருப்பப் பாடம். இதே அளவு அரபி தெரிந்த யாருக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

கடைசியில் நான் பேசியது இவ்வளவுதான்:

அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மதுல்லாஹி வ பரகாதுஹ்.
அய்யுஹள் ளுயூஃபுல் கிராம், அஹ்லன் வ ஸஹ்லன் பிகும் ஃபீ கன்யாகுமாரி.
அனா தாலிபா ஃபிஸ் ஸனதிஸ் ஸானியா.
ஹுனா தல்தகீ ஸலாஸத்து பிஹார்.
பஹ்ருல் அரப் பைன பிலாதினா வ பிலாதிகும்.
நஹ்னு ஸுஅதாஉ பிஸியாரதிகும்.
நதமன்னா லகும் இகாமதன் தய்யிபா.
ஷுக்ரன் லகும்.

மதிப்புக்குரிய விருந்தினரே, கன்யாகுமரிக்கு நல்வரவு. நான் இரண்டாம் ஆண்டு மாணவி. இங்கே மூன்று கடல்கள் சந்திக்கின்றன. அரபிக்கடல் நம் நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் நடுவே இருக்கிறது. உங்கள் வருகையில் மகிழ்கிறோம். நல்லபடியாகத் தங்கிச் செல்ல வாழ்த்துகிறோம் என்பது பொருள். பேசுபவர் மாணவராக இருந்தால் 'தாலிபா' என்பது 'தாலிப்' ஆகும். ஸலாமுக்குப் பிறகு பெயரைச் சொல்ல 'இஸ்மீ' போதும்.

முதல் வரைவில் திருவள்ளுவர் சிலையும் இருந்தது. 133 அதிகாரத்துக்கு 133 அடி என்று சொல்ல ஆசை. ஆனால் அரபியில் மூன்று முதல் பத்து வரை எண்ணின் பால், எண்ணப்படும் பொருளின் பாலுக்கு எதிராக வரும். கடல் ஆண்பால், அதனால் 'ஸலாஸத்து' என்று பெண்பால் வடிவம். அடியைக் குறிக்கும் 'கதம்' பெண்பால், அதனால் 'மிஅத்துன் வ ஸலாஸுன் வ ஸலாஸூன கதமன்' என்று போக வேண்டும். மேடையில் நாக்கு இடற இதைவிட நல்ல இடம் கிடையாது. சிலையைப் படகில் போகும்போது நேரில் காட்டிக்கொள்ளலாம் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன். கடல் வரியில் சிக்கல் ஒரே ஒரு எண்தான். ஓமானின் கரையிலும் அரபிக்கடல் இருப்பதால், அதைக் கேட்டதும் அவர்கள் முகம் நிமிர்ந்தது.

அப்புறம் உச்சரிப்பு. நான் மேலே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது பொருள் புரிவதற்கு மட்டும், கையில் இப்படி ஒரு தாளை வைத்துக்கொள்ளாதீர்கள். 'ஸலாஸத்து' என்பதில் வரும் ஸவுக்கு நாக்கு நுனி பல்லுக்கிடையில் வர வேண்டும், 'ஸுஅதா'வில் வரும் ஸ சாதாரண ஸ, 'ஸியாரத்' என்பதில் உள்ளது வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும் ஒலி. மூன்றையும் தமிழில் ஒரே எழுத்தில்தான் எழுத முடிகிறது. நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளி, குறி சேர்த்தது இதே சிக்கலின் மறுபக்கம். எனவே உரையை அரபு எழுத்தில், ஹரகத்துகளோடு, பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு அதைப் படிப்பதில் சிரமமே இருக்காது.

மதரஸாப் பயிற்சி கைகொடுக்கும் அதே நேரத்தில் ஒரு பழக்கத்தையும் கொண்டுவரும். நாம் குர்ஆன் ஓதும்போது நீட்டல், குன்னா எல்லாம் தானாக வந்துவிடும். அது பேச்சுக்கு வேண்டாம். வக்ஃபு விதிப்படி நிறுத்தினால் 'ஷுக்ரா' என்று முடிப்போம், ஆனால் பேச்சில் எல்லோரும் 'ஷுக்ரன்' என்றுதான் சொல்வார்கள். 'தய்யிபா' போன்ற சொற்களில் கடைசி 'த்' ஒலியை விட்டு நிறுத்துவது மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஓதுகிற தொனி வருகிறதா என்று தெரிந்துகொள்ள, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். வரிக்கு வரி ராகம் ஏறினால் வருகிறது என்று அர்த்தம்.

மஸ்கட்டில் வேலை பார்த்த என் மாமாவிடம் பேசிக் காட்டினேன். "மக்ளே, எழுத்து அரபி சரியா இருக்கு, ஆனா அவங்க பதில் வீட்டுப் பேச்சுல வரும் பாத்துக்கோ," என்றார். அது அப்படியே நடந்தது. அதற்காக இரண்டு வாக்கியங்களைக் கையில் வைத்திருந்தேன்: 'அதகல்லமு கலீலன் மினல் அரபிய்யா', அதாவது எனக்குக் கொஞ்சம் அரபிதான் பேச வரும், 'பிபுத்இன் மின் ஃபள்லிகும்', தயவுசெய்து மெதுவாக. இதைச் சொன்னதும் அவர்களே ஏட்டு அரபிக்கு மாறி நிதானமாகப் பேசினார்கள்.

கூட்டத்தில் ஆண், பெண் இருவரும் இருந்தால் 'பிகும்', 'லகும்' என்ற பன்மையே போதும். விருந்தினரில் வேறு சமயத்தவரும் இருப்பது தெரிந்தால், ஸலாமோடு 'ஸபாஹல் கைர்' என்ற காலை வணக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையானால் 'மஸாஅல் கைர்'.