மீன் வளர்ப்புப் பயிற்சிக் குறிப்பை நம்ம குட்டைக்கு மாற்றிப் படிப்பது எப்படி

பயிற்சி வகுப்பில் தருகிற அளவுகள் எல்லாம் ஹெக்டேர் கணக்கில், ஏறக்குறைய ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் குளத்துக்கு உரியவை. காரைக்குடி வட்டாரச் செம்மண் குட்டையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் தண்ணீர் சித்திரை, வைகாசிக்குள் வற்றிவிடும். குறிப்பேட்டில் முதலில் போட வேண்டியது இந்தத் தண்ணீர்க் கணக்குத்தான்.

30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், கரை சரிந்து அடியில் 24-க்கு 24 மீட்டர் என்று ஒரு பண்ணைக் குட்டையை எடுத்துக்கொள்வோம். நிரம்பியிருக்கும்போது சுமார் 1,460 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் 1 மீட்டருக்கு இறங்கினால் பாதி இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். கரை சரிவாக இருப்பதால் இருப்பது 650 கன மீட்டர்தான். மீன் பெருத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

சதுர மீட்டருக்கு 1 குஞ்சு என்ற வகுப்புக் கணக்கில் 900 குஞ்சு விடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சேர்க்க வழியில்லாத குட்டையில் 300 போதும். அதுவும் விரலிக் குஞ்சாக வேண்டாம், ஆறு மாதத்தில் அது விற்கும் எடைக்கு வராது. 75 கிராம் அளவுக்கு வளர்ந்த கெண்டைக் குஞ்சாகக் கேட்டு வாங்கி, கட்லா 120, ரோகு 90, மிர்கால் 90 என்று விடுங்கள்.

செலவைப் பார்ப்போம். 300-ல் 240 பிழைத்து, ஒவ்வொன்றும் 600 கிராம் வந்தால் 144 கிலோ. ஒரு மாதிரிக்குக் குஞ்சுக்கு 3,000 ரூபாய், தவிடும் கடலைப் புண்ணாக்கும் சமமாகக் கலந்த தீவனம் 300 கிலோவுக்கு 9,000, சுண்ணாம்பும் சாணமும் 1,500, வலைக் கூலி 2,500 என்று வைத்தால் மொத்தம் 16,000. கிலோவுக்கு அடக்கம் 111 ரூபாய். நீங்கள் விசாரித்த விலைகளைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். குட்டை வெட்டும் செலவும் தார்ப்பாய் விரிக்கும் செலவும் இதில் இல்லை. அவற்றை மீனே திருப்பித் தரும் என்று நம்பி இறங்கக் கூடாது. பாசனத்துக்கென்று ஏற்கெனவே இருக்கும் குட்டைக்குத்தான் இந்தத் தொழில் பொருந்தும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, கவனித்துப் பழக வேண்டிய நேரம் விடியற்காலை. பகலில் பச்சைப் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி மீனோடு சேர்ந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால், விடியும் முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கினால் அதுதான் அடையாளம். உடனே தீவனத்தை நிறுத்தி, குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். இந்த நிலை வராமல் தடுக்க, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் நேராக இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை பச்சைக்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. சாணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும். கை மறைவது செந்நிறக் கலங்கலில் என்றால் காரணம் வேறு: கரை மண் கரைந்து வருகிறது. கரையில் புல் பிடிக்க வைப்பதுதான் அதற்கு வழி.

நோயில் மார்கழி, தை மாதங்களில் வரும் சிவப்புப் புண்ணைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இது பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது. செதிலில் சிவப்புப் புள்ளியாகத் தொடங்கிக் குழிப்புண்ணாகும். குளிரும், மழைநீரால் அமிலத்தன்மை ஏறிய தண்ணீரும் அதற்கு வசதி. ஹெக்டேருக்கு 200 கிலோ சுண்ணாம்பு என்ற அளவு நம் 900 சதுர மீட்டருக்கு 18 கிலோ. நீரில் கரைத்து, ஆறவைத்து, காலையில் பரவலாகத் தெளியுங்கள். அதற்கு முன் கார அமில நிலையைப் பார்த்துவிடுங்கள். 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு போடக் கூடாது, தண்ணீரில் உள்ள அம்மோனியா நஞ்சாகிவிடும்.

விற்பனையில் இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடல் மீன் வரத்து குறைவதால் கெண்டைக்குக் கேட்பு கூடும். அதே கோடையில்தான் கண்மாய்கள் வற்றி ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். அன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் காசு கொடுத்து மீன் வாங்க ஆள் இருக்காது. பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா எப்போது என்று ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு, தடை தொடங்கியதிலிருந்து அந்தத் திருவிழாவுக்குள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் 30, 40 கிலோவாகப் பிடித்துக் கரையிலேயே உயிர் மீனாக விற்றுவிடுங்கள். மேலே போட்ட மாதிரிக் கணக்கில் வியாபாரி மொத்தமாக 100 ரூபாய்க்கு எடுத்தால் 1,600 ரூபாய் நட்டம். கரையில் 160-க்குப் போனால் 7,000 ரூபாய் மிஞ்சும். பெரிய மீனை முதலில் எடுத்துவிட்டால், குறைகிற தண்ணீரில் மிச்ச மீனுக்கு மூச்சு விட இடமும் கிடைக்கும்.